லிஃப்ட் நோட்டில் இருந்த ‘நாளை’

மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வரும் ஒரு பெண், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். குடியிருப்பின் புகார் நோட்டில் அவர் எழுதிய பக்கம் அது. “சார், இதைப் படிச்சிட்டு செக்ரட்டரி என்னைத் திட்டிட்டார். அந்த ஆள் போன்ல சொன்னதை ஒரு வார்த்தைகூட மாத்தாமத்தான் எழுதியிருக்கேன். தப்பு எங்கேன்னு சொல்லுங்க” என்றார்.

நடந்தது இதுதான். அந்த மாதம் 11-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. பராமரிப்பு நிறுவனத்தின் சூப்பர்வைசருக்கு இவர் போன் போட்டார். அவர் வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் ஐந்தே வாக்கியம் பேசினார். ‘ஐ கான்ட் கம் டுடே. மை டெக்னீஷியன் ஃபெல் இல் திஸ் மார்னிங். ஐ வில் சென்ட் அனதர் மேன் டுமாரோ. டோன்ட் யூஸ் த லிஃப்ட் அன்டில் ஹி செக்ஸ் த பிரேக். டிட் யூ ஸ்விட்ச் ஆஃப் த பவர்?’ இன்று என்னால் வர முடியாது, என் டெக்னீஷியனுக்குக் காலையில் உடம்புக்கு முடியாமல் போய்விட்டது, நாளை வேறு ஆளை அனுப்புகிறேன், அவர் பிரேக்கைப் பார்க்கும்வரை லிஃப்டை ஓட்டாதீர்கள், பவரை அணைத்துவிட்டீர்களா?

அந்தப் பெண் நோட்டில் இப்படி எழுதினார்: ‘ஹி டோல்ட் தட் ஐ கான்ட் கம் டுடே. மை டெக்னீஷியன் ஃபெல் இல் திஸ் மார்னிங். ஐ வில் சென்ட் அனதர் மேன் டுமாரோ. ஹி டோல்ட் தட் டோன்ட் யூஸ் த லிஃப்ட் அன்டில் ஹி செக்ஸ் த பிரேக். ஹி ஆஸ்க்ட் தட் டிட் யூ ஸ்விட்ச் ஆஃப் த பவர்.’ பக்கத்தில் தேதி போடவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர் விடுப்பில் இருந்தார். வெளியூர் போயிருந்த செக்ரட்டரி வியாழக்கிழமை மாலை திரும்பி வந்து நோட்டைப் புரட்டினார். ‘டுமாரோ’ என்று இருந்ததால் வெள்ளிக்கிழமை ஆள் வருவார் என்று எடுத்துக்கொண்டார். உண்மையில் ஆள் வர வேண்டியது புதன்கிழமை. வரவில்லை. வராததைக் கேட்க வேண்டியவருக்கு அது வராதது என்றே தெரியவில்லை. ‘ஐ கான்ட் கம்’ என்று இருந்த இடத்தில், வர முடியாதவர் சூப்பர்வைசரா, எழுதியவரா என்றும் அவர் குழம்பினார்.

“ஒரு வார்த்தைகூட மாத்தாமத்தான் எழுதினேன்” என்று அந்தப் பெண் சொன்னாரே, கோளாறு அதில்தான் இருக்கிறது. தமிழில் அது குற்றமே இல்லை. நம் மொழியில் ‘என்று’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் யார் எதைச் சொல்லியிருந்தாலும் அப்படியே வைத்துவிடலாம். “நாளைக்கு வேற ஆளை அனுப்புறேன்னு சொன்னார்”, “லிஃப்டை ஓட்டாதீங்கன்னு சொன்னார்”, “பவரை அணைச்சிட்டீங்களான்னு கேட்டார்”. செய்தி, கட்டளை, கேள்வி மூன்றையும் அந்த ‘ன்னு’ தாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் வாக்கியத்தில் கை வைக்கத் தேவையில்லை. ‘அனுப்புறேன்’ என்ற தன்மை வினை, சொன்னவரைத்தான் குறிக்கிறது என்று கேட்பவருக்குத் தெரியும். இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘என்று’ இருந்த இடத்தில் ‘தட்’ என்ற சொல்லைப் போட்டுவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடுகிறோம். ‘தட்’ அவ்வளவு பாரம் தாங்காது. அதற்குப் பின்னால் வருவது சொன்னவரின் வாக்கியமாக இல்லாமல், சொல்லிக்கொண்டிருப்பவரின் வாக்கியமாக மாறியிருக்க வேண்டும்.

ஆனால் இந்த மாற்றம் நமக்கு முற்றிலும் புதியதும் அல்ல. பள்ளித் தமிழ் இலக்கணத்தில் நேர்கூற்று, அயற்கூற்று என்று படித்திருப்போம். “நான் நாளை வருவேன்” என்று கண்ணன் கூறினான்: இது நேர்கூற்று. கண்ணன், தான் மறுநாள் வருவதாகக் கூறினான்: இது அயற்கூற்று. ‘நான்’ போய்த் ‘தான்’ வந்திருக்கிறது. ‘நாளை’ போய் ‘மறுநாள்’ வந்திருக்கிறது. ‘இன்று’ என்பது ‘அன்று’ ஆகும், ‘இங்கே’ என்பது ‘அங்கே’ ஆகும், ‘இது’ என்பது ‘அது’ ஆகும். ஆங்கிலத்தில் ஆள் குறிக்கும் சொல், காலம் குறிக்கும் சொல், வினையின் காலம் என்று மூன்றை மாற்றச் சொல்கிறார்கள். அவற்றில் முதல் இரண்டையும் நாம் தமிழ் வகுப்பிலேயே செய்து பழகியிருக்கிறோம். பேச்சில் அதிகம் செய்வதில்லை, அவ்வளவுதான். மூன்றாவதுதான் நமக்கு அந்நியம். அதை முதலில் பார்த்துவிடலாம்.

‘கண்ணன், தான் மறுநாள் வருவதாகக் கூறினான்.’ இதில் ‘கூறினான்’ இறந்தகாலம். ‘வருவதாக’ என்பதோ இன்னும் எதிர்காலத்தைத்தான் காட்டுகிறது. கண்ணன் கூறிய அந்த நிமிடத்திலிருந்து பார்த்தால் அது எதிர்காலம். ‘தனக்குத் தலை வலிக்கிறது என்று சொன்னான்’ என்பதிலும் அப்படித்தான். சொன்ன நேரத்தில் வலித்தது. தமிழ் வாக்கியத்தின் உள்ளே ஓடும் கடிகாரம், சொன்னவருடைய கடிகாரம். நாம் அதைத் தொடுவதில்லை. ரஷ்ய மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் வழக்கம் ஏறக்குறைய இதுதான்.

ஆங்கிலம், சொல்லிக்கொண்டிருப்பவரின் கடிகாரத்தைப் பார்க்கிறது. நான் இன்று நின்றுகொண்டு, செவ்வாய்க்கிழமை ஒருவர் சொன்னதைச் சொல்கிறேன். ‘செட்’ என்று இறந்தகாலத்தில் தொடங்கிவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமையில் அவருக்கு ‘இப்போது’ ஆக இருந்ததெல்லாம் எனக்கு இறந்தகாலம். ஆகவே அவருடைய ‘ஆம்’, ‘இஸ்’ எல்லாம் என் வாயில் ‘வாஸ்’ ஆகின்றன. அவருடைய ‘கான்ட்’ என் வாயில் ‘குடன்ட்’ ஆகிறது. அவருக்கே அது இறந்தகாலமாக இருந்தால், எனக்கு அது இறந்தகாலத்துக்கும் பின்னால் இருக்கிறது. அதற்கு ‘ஹேட்’ வேண்டும். அன்று காலை டெக்னீஷியன் படுத்துவிட்டதை அவர் ‘ஃபெல் இல்’ என்றார். நான் ‘ஹேட் ஃபாலன் இல்’ என்கிறேன். எல்லாமே ஒரு படி பின்னால் போகின்றன. ‘ஹேட்’ உள்ள வாக்கியம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொரு படி ஆங்கிலத்தில் கிடையாது.

எதிர்காலம்தான் நம்மவர்களை அதிகம் இடறுகிறது. ‘ஐ வில் சென்ட்’ என்பது ‘ஹி வுட் சென்ட்’ ஆகிறது. இந்த ‘வுட்’டைப் பலர் மரியாதைச் சொல் என்றோ, சந்தேகம் காட்டும் சொல் என்றோ நினைக்கிறார்கள். ‘வுட் யூ லைக் காஃபி’ என்று பணிவாகக் கேட்கும் இடத்தில் பழகியதால் வந்த நினைப்பு அது. இங்கே அது, இறந்தகாலத்தில் நின்று பார்த்த எதிர்காலம். ஆங்கில நாளிதழைப் படிக்கும் தமிழர்களிடம் இந்தக் குழப்பத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘நிவாரணம் வழங்கப்படும் என்று அமைச்சர் தெரிவித்தார்’ என்று தமிழ் நாளிதழ் எழுதும். அதே செய்தியை ஆங்கில நாளிதழ் ‘த மினிஸ்டர் செட் ரிலீஃப் வுட் பி கிவன்’ என்று எழுதும். ‘வுட்’ வந்துவிட்டதே, கொடுப்பார்களா மாட்டார்களா என்று வாசகர் ஐயப்படுவார். அமைச்சர் எந்த ஐயமும் இல்லாமல் ‘வில்’ என்றுதான் பேசியிருப்பார். செய்தியாளர் அதை நேற்றைய பேச்சாக எழுதியதால் ‘வுட்’ ஆனது. மொழிபெயர்ப்பவர் இதை அறியாமல் ‘வழங்கப்படக்கூடும்’ என்று தமிழாக்கினால், அமைச்சர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஆகிவிடும்.

இனி, புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகிற, ஆனால் நடைமுறையில் பெரிதாக நிற்கிற ஒரு விஷயம். ஒரு படி பின்னால் போவது எப்போதும் கட்டாயம் இல்லை. சொன்ன செய்தி இன்னும் உண்மையாக இருந்தால் நிகழ்காலத்தையே வைக்கலாம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று ஆசிரியர் சொன்னார் என்பதை ‘கோஸ் ரவுண்ட்’ என்றே எழுதலாம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அந்த எடுத்துக்காட்டோடு அவை நின்றுவிடுவதால், இது ஏதோ அறிவியல் உண்மைக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு தோழியைப் பற்றிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். ‘ஷி செட் ஷி வாஸ் ப்ரெக்னன்ட்’, ‘ஷி செட் ஷி இஸ் ப்ரெக்னன்ட்’ என்று இரண்டு விதமாகவும் சொல்லலாம். முதல் வாக்கியம், அவள் சொன்ன நேரத்தில் கர்ப்பமாக இருந்ததாகச் சொன்னாள் என்பதோடு நின்றுவிடும். இப்போது குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம். இரண்டாவது வாக்கியத்தில் உள்ள ‘இஸ்’ இரண்டு இடத்தில் உண்மையாக இருக்க வேண்டும்: அவள் சொன்னபோதும், நான் இதைச் சொல்லும் இப்போதும். அவள் சொல்லி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் அந்த வாக்கியம் காதில் விழும்போதே ஆங்கிலக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். இரண்டு ஆண்டாகவா கர்ப்பம் என்று. தமிழில் ‘தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னாள்’ என்பதில் இந்தச் சங்கடம் எழாது. பத்து ஆண்டுக்கு முன் சொன்னதையும் அப்படியே சொல்லலாம். ‘இருப்பதாக’ என்பது அவளுடைய கடிகாரத்தைப் பார்க்கிறது. ஆங்கில ‘இஸ்’ என் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது.

இதிலிருந்து இன்னொன்று கிளைக்கிறது. நிகழ்காலத்தில் வைக்கும்போது, சொன்ன செய்தியை நானும் ஓரளவு ஏற்றுக்கொள்வதாக ஆகிறது. பூமி தட்டை என்று ஒரு காலத்தில் பலர் நம்பினார்கள் என்று எழுதும்போது ‘வாஸ் ஃப்ளாட்’ என்றுதான் எழுதுவார்கள். ‘இஸ் ஃப்ளாட்’ என்று எழுதினால் எழுதியவரும் அந்த நம்பிக்கையில் பங்கு கேட்பது போல இருக்கும். கடன் வாங்கியவர் ‘பணம் என்னிடம் இருக்கிறது’ என்று சொன்னதைப் புகார்க் கடிதத்தில் எழுதுபவர் ‘ஹி செட் ஹி ஹேட் த மணி’ என்று எழுதினால் பொறுப்பு சொன்னவரிடமே இருக்கும். ‘ஹேஸ்’ என்று எழுதினால், பணம் இருப்பதை எழுதியவரும் நம்புவது போலத் தொனிக்கும். வினையை ஒரு படி பின்னால் வைப்பதால், சொன்னவருக்கும் எழுதுபவருக்கும் நடுவே ஓர் இடைவெளி கிடைக்கிறது. செய்தித்தாள்காரர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அந்த இடைவெளி தேவைப்படுகிறது.

மறுபக்கம், ‘ஃபெல்’ போன்ற இறந்தகால வினையை ‘ஹேட் ஃபாலன்’ என்று மாற்றியே தீர வேண்டும் என்பதும் தேர்வு அறைக்கு வெளியே தளர்ந்துவிடுகிறது. அன்று காலை என்று நேரம் தெளிவாக இருக்கும்போது ‘ஹி செட் ஹிஸ் டெக்னீஷியன் ஃபெல் இல் தட் மார்னிங்’ என்று சொன்னால் யாருக்கும் புரியும். யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள். மாற்றாவிட்டால் பொருள் கெடும் இடம் ஒன்று உண்டு. ‘ஹி செட் ஹி வாஸ் இல்’ என்றால் சொன்ன நேரத்தில் அவருக்கு உடம்பு சரியில்லை. ‘ஹி செட் ஹி ஹேட் பீன் இல்’ என்றால் அதற்கு முன்னால் சரியில்லாமல் இருந்தது. முதல் ஆளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டாம் ஆள் வேலைக்கு வந்துவிட்டிருப்பார். ‘வாஸ்’ வரும் இடத்தில் எல்லாம் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லுவேன்.

அடுத்து ‘நாளை’. பள்ளிப் புத்தகத்தில் ஓர் அட்டவணை இருக்கும்: டுடே என்றால் தட் டே, டுமாரோ என்றால் த நெக்ஸ்ட் டே, யெஸ்டர்டே என்றால் த டே பிஃபோர், நவ் என்றால் தென், ஹியர் என்றால் தேர். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்தவர்கள் பலர், ஆங்கிலத்தில் பேச வரும்போது அதையே கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்கள். ஐந்து நிமிடம் முன்பு வந்த போனைப் பற்றிச் சொல்லும்போதும் ‘ஹி செட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே’ என்கிறார்கள். கேட்பவர் எந்த நாளுக்கு அடுத்த நாள் என்று தேடுவார்.

அட்டவணையைக் குறை சொல்ல மாட்டேன். தேர்வுத்தாளில் ஒரு வாக்கியம் தனியாக நிற்கிறது. அதை யார், எங்கே, எப்போது திருப்பிச் சொல்கிறார்கள் என்ற விவரம் எதுவும் கிடையாது. அதனால் நாள் கடந்து, வேறிடத்தில் இருந்து சொல்வதாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். வாழ்க்கையில் அந்த மூன்று விவரமும் நமக்குத் தெரியும். நான் வகுப்பில் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்றுதான்: நான் வாயைத் திறக்கும் இந்த நேரத்தில், அவர் சொன்ன அந்த ‘நாளை’க்கு என்ன பெயர்?

லிஃப்டையே எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமை போனை வைத்ததும் எதிரில் நிற்கும் ஆங்கிலம் பேசும் குடியிருப்பாளரிடம் அந்தப் பெண் சொல்ல வேண்டும் என்றால், ‘ஹி செட் ஹீ வில் சென்ட் அனதர் மேன் டுமாரோ’ என்பதே சரி. நாளை இன்னும் நாளையாகவே இருக்கிறது. அனுப்புவது இன்னும் எதிர்காலமாகவே இருக்கிறது. ‘வில்’லும் மாற வேண்டாம், ‘டுமாரோ’வும் மாற வேண்டாம். புதன்கிழமை காலை வந்து சொல்வதாக இருந்தால் அவர் சொன்ன ‘நாளை’க்குப் பெயர் ‘இன்று’: ‘ஹி செட் ஹி வுட் சென்ட் அனதர் மேன் டுடே’. இது அட்டவணையில் இல்லாத மாற்றம். ‘டுமாரோ’ என்பது ‘டுடே’ ஆகிவிட்டது. வியாழக்கிழமை சொன்னால் அதற்குப் பெயர் ‘நேற்று’: ‘ஹி வுட் சென்ட் அனதர் மேன் யெஸ்டர்டே’. வருங்காலம் குறிக்கும் ‘வுட்’டும் ‘நேற்று’ம் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருப்பது முதலில் விசித்திரமாகத் தெரியும். ஆனால் நடந்தது அதுதான். அவருக்கு எதிர்காலம், நமக்கு நேற்று. ஒரு மாதம் கழித்து நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போதுதான் ‘த நெக்ஸ்ட் டே’ வந்து பொருந்துகிறது. அதற்கும் முதல் நாளின் தேதி பக்கத்தில் இருக்க வேண்டும்.

நோட்டில் எழுதுவதில் கூடுதலாக ஒரு சிக்கல். எழுதும் நேரமும் படிக்கும் நேரமும் வேறு வேறு. யார் எப்போது புரட்டுவார்கள் என்று எழுதுபவருக்குத் தெரியாது. அங்கே ‘டுமாரோ’வும் வேண்டாம், ‘த நெக்ஸ்ட் டே’யும் வேண்டாம். ‘ஆன் வெட்னெஸ்டே, 12’ என்று கிழமையையும் தேதியையும் எழுதிவிட்டால் எந்த நாளில் படித்தாலும் அது பிசகாது.

இடத்துக்கும் இதே கணக்குத்தான். அவர் ‘ஹியர்’ என்ற இடத்தில் நானும் நிற்கிறேன் என்றால் அது ‘ஹியர்’ ஆகவே இருக்கும். வருவது, போவது என்ற வினைகளும் நிற்கும் இடத்தைப் பொறுத்தே மாறும். சூப்பர்வைசர் ‘கம்’ என்றார். குடியிருப்பில் இருந்து சொல்பவருக்கு அது ‘கம்’. வேறொரு ஊரில் இருந்து அதே கதையைச் சொல்பவருக்கு ‘கோ’. இது தமிழருக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமே அல்ல. வரவும் தரவும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு, செலவும் கொடையும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறது. பேசுபவர் நிற்கும் இடம் வினையைத் தீர்மானிக்கும் என்பது நம் இலக்கணத்தின் பழைய செய்தி.

ஆள் குறிக்கும் சொற்களில் ஆங்கிலம் நம்மைவிட ஏழை. நம்மிடம் ‘தான்’ இருக்கிறது. ‘முருகன் குமரனிடம், தான் பாஸாகிவிட்டதாகச் சொன்னான்’ என்றால் பாஸானது முருகன். ‘அவன் பாஸாகிவிட்டதாகச் சொன்னான்’ என்றால் வேறு யாரோ, பெரும்பாலும் குமரன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஹி’தான்: ‘முருகன் டோல்ட் குமரன் தட் ஹி ஹேட் பாஸ்ட்’. யார் பாஸானது என்று அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ‘தான்’ போன்ற ஒரு சொல் ஆங்கிலத்தில் இல்லாததால், குழப்பம் வரும் இடத்தில் பெயரையே திரும்பச் சொல்வதைத் தவிர வழியில்லை. நேர்ப்பேச்சில் ‘ஐ’, ‘யூ’, ‘ஹி’ என்று மூன்று பேரும் தனித்தனியே இருந்தார்கள். திருப்பிச் சொல்லும்போது மூவரும் ‘ஹி’ என்ற ஒரே சட்டைக்குள் வந்துவிடக்கூடும். லிஃப்ட் பேச்சில் ‘அன்டில் ஹி செக்ஸ் த பிரேக்’ என்று வந்தது. சூப்பர்வைசரையும் ‘ஹி’ என்று சொல்லி, வரப்போகும் ஆளையும் ‘ஹி’ என்று சொன்னால் பிரேக்கைப் பார்க்கப் போவது யார் என்பது மங்கிவிடும். அங்கே ‘த மேன்’ என்று எழுத வேண்டும்.

‘யூ’வும் கவனிக்க வேண்டியது. ‘டிட் யூ ஸ்விட்ச் ஆஃப்’ என்பதில் உள்ள ‘யூ’ போனை எடுத்த அந்தப் பெண். நோட்டைப் படித்த செக்ரட்டரிக்கோ அது தன்னைக் கேட்பது போல இருந்தது. கேட்கப்பட்டவர் எழுதினால் அது ‘ஐ’ ஆக வேண்டும்.

கேள்வியை மாற்றும்போது சொல் வரிசையும் மாறுகிறது. ‘டிட் யூ’ என்று வினைச்சொல் முன்னால் வந்து நிற்பது நேரில் கேட்கும் கேள்விக்கு உரிய அமைப்பு. திருப்பிச் சொல்லும்போது நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டார் என்ற செய்தியைச் சொல்கிறேன். ஆகவே அமைப்பும் செய்தி வாக்கியத்தின் அமைப்புக்குத் திரும்பிவிடும். ‘வேர் ஆர் யூ கோயிங்’ என்று கேட்டதை ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்’ என்று சொல்ல வேண்டும். ‘எங்கே’, ‘ஏன்’ போன்ற வினாச்சொல் இல்லாமல், ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியாக இருந்தால் ‘வெதர்’ அல்லது ‘இஃப்’ வேண்டும். தமிழில் ‘அணைத்துவிட்டீர்களா’ என்பதன் கடைசி ‘ஆ’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் அந்தச் சொல் முன்னால் நின்று செய்கிறது. ‘ஆஸ்க்ட் தட்’ என்ற சேர்க்கை கேள்வியில் வரவே வராது.

கட்டளையும் அப்படியே. ‘டோன்ட் யூஸ்’ என்பது ‘டோல்ட் மீ நாட் டு யூஸ்’ ஆகும். இங்கே ‘டோல்ட்’டுக்குப் பின்னால் ‘மீ’ இருப்பதைப் பாருங்கள். ‘டெல்’ என்ற வினை யாரிடம் என்று கேட்டுக்கொண்டே நிற்கும். ஆளைச் சொல்லாமல் ‘ஹி டோல்ட் தட்’ என்று எழுத முடியாது. ‘சே’ என்ற வினைக்கு ஆள் வேண்டாம். சொல்ல விரும்பினால் நடுவில் ‘டு’ வேண்டும். நமக்கு ‘சொன்னார்’, ‘என்னிடம் சொன்னார்’ இரண்டும் ஒரே வினைதான் என்பதால், தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் ‘டோல்ட் தட்’ அடிக்கடி தலைகாட்டுகிறது.

அந்தப் பெண்ணும் நானும் உட்கார்ந்து நோட்டின் பக்கத்தைத் திரும்ப எழுதினோம். முதலில் மேலே தேதி: செவ்வாய், 11, காலை 11.30. பிறகு ‘த சூப்பர்வைசர் செட் ஹி குடன்ட் கம் டுடே பிகாஸ் ஹிஸ் டெக்னீஷியன் ஹேட் ஃபாலன் இல் திஸ் மார்னிங்’ என்று அவரே எழுதினார். ‘டுடே’யையும் ‘திஸ் மார்னிங்’கையும் மாற்ற வேண்டாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மேலே தேதி போட்டாச்சே சார், அதனால படிக்கிறவங்களுக்கு எந்த இன்னிக்குன்னு தெரியும்” என்றார். சரியான பதில். அடுத்த வரியில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். ஆள் வரும் நாள்தான் அந்தப் பக்கத்திலேயே முக்கியமான செய்தி, அதற்கு நேரடியாகவே தேதி வேண்டும் என்று. ‘ஹி செட் ஹி வுட் சென்ட் அனதர் மேன் ஆன் வெட்னெஸ்டே, 12. ஹி டோல்ட் மீ நாட் டு யூஸ் த லிஃப்ட் அன்டில் த மேன் ஹேட் செக்ட் த பிரேக். ஹி ஆஸ்க்ட் மீ வெதர் ஐ ஹேட் ஸ்விட்ச்ட் ஆஃப் த பவர்.’

எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடாமல் யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு கடைசியில் இன்னொரு வரியைச் சேர்த்தார்: ‘ஐ டோல்ட் ஹிம் தட் ஐ ஹேட்’. பவரை அணைத்துவிட்டதாக அன்று அவரும் பதில் சொல்லியிருக்கிறார். அது முதல் பக்கத்தில் இல்லை.